சிரிக்கிற தப்பு

வேனை ஓட்டும்போது அவர் வாயைத் திறக்க மாட்டார். பின்னால் பதின்மூன்று பிள்ளைகள் கத்தினாலும், முன்னால் மாட்டு வண்டி மறித்தாலும், ஒரு சொல் வராது. பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, தேனி பஸ் ஸ்டாண்டு நெரிசலைத் தாண்டி, பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கும் வாகை மரத்தடியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் அவர் முகம் மாறும். பள்ளிக்கூடக் கதவு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கும். வேண்டுமென்றேதான் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுவார். இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வார்:

"நேத்து நான் ஒண்ணு கோட்டை விட்டேன்."

உடனே பதின்மூன்று குரலும் கேட்கும்: "என்னத்தை? என்னத்தை?"

"ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பப் போட்டுக்கிட்டு ரேஷன் கடை வரைக்கும் போய்ட்டேன்."

"அப்புறம் என்ன செஞ்சீக?"

"என்ன செய்ய? வரிசையில நின்னேன். எனக்கு முன்னால நின்ன ஆத்தா குனிஞ்சு பாத்துட்டு, இது புது மாடலா ஆத்தான்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்."

பிள்ளைகள் அவரை அத்தை என்றார்கள். அதனால் நானும் 'வேன் அத்தை' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அவர் என்னை மதினி என்பார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, அப்போது முப்பத்தைந்தைத் தொட்டிருந்தோம். சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், ரப்பர் பேண்டில் இழுத்துக் கட்டிய முடி. பார்த்தால் கோபக்காரி போலிருப்பார். உண்மையிலேயே கோபக்காரிதான்.

என் மகள் கயல் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பெரியகுளத்தில் அரசு அலுவலகத்தில் நிலப் பதிவேடுகள் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு எண் மாறினால் ஒருவருடைய தோப்பு இன்னொருவர் பெயருக்குப் போய்விடும். மூன்று முறை சரிபார்த்த பிறகும் வீட்டுக்கு வந்து நினைத்து நினைத்துப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தோடுதான் மகளின் நோட்டையும் திறந்தேன். அவளை நான் அடித்ததில்லை, திட்டியதுகூடக் குறைவு. தப்பைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விடுவேன். "பாத்து எழுதக் கூடாதா?" என்பேன். அவ்வளவுதான். ஆனால் பிள்ளைக்கு அந்தப் பெருமூச்சே போதுமாக இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.

கயல் ஒரு எழுத்துத் தப்பினால் ரப்பரால் அழிப்பாள். தடம் தெரிகிறதென்று மறுபடி அழிப்பாள். தாள் ஓட்டையாகும். ஓட்டையான தாளைக் கிழிப்பாள். கிழித்த தாளை ஒளித்து வைப்பாள். ஒருநாள் துவைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் கூட்டும்போது பதினோரு தாள்கள் கிடைத்தன, கசக்கிச் சுருட்டி. டிக்டேஷன் இருக்கிற நாளில் காலையில் சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடுவாள். டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்.

அப்படியொரு டிக்டேஷன் நாளில்தான் வேனில் அழுதிருக்கிறாள். முந்தின நாள் 'கரடி'க்கு வல்லின 'ற' போட்டு எழுதியது நோட்டில் சிவப்புச் சுழியோடு இருந்தது. நோட்டைப் பிடுங்கிப் பார்த்த நான்காம் வகுப்புப் பையன் உரக்கப் படித்துச் சிரித்திருக்கிறான். கண்ணாடியில் பார்த்த வேன் அத்தை வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் வந்தார். இதைக் கயல்தான் பிற்பாடு எனக்குச் சொன்னாள். அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. அழுகை அடங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்திருக்கிறார். பிறகு அந்தப் பையனிடம் திரும்பினார்.

"ஏலே, அது யாரு தப்பு?"

"அவ தப்பு."

"அப்ப அது அவ சொத்து. அவ சிரிச்சாத்தான் நீ சிரிக்கணும். அவ சிரிக்காம நீ சிரிச்சா, அது அவ பென்சிலப் பிடுங்குறது மாதிரி. நோட்டக் குடு."

அன்று சாயங்காலம் என் வாசலில் வேன் நின்றபோது என்னிடம் சொன்னார்: "மதினி, பிள்ளை அழுகுறப்ப சிரிப்புக் காட்டாதீக. அப்ப சிரிப்புக் காட்டுனா, அழுகையக் கேலி பண்ற மாதிரி ஆயிரும். அழுது முடிக்கட்டும். விளையாட்டெல்லாம் மனசு தெளிஞ்ச நேரத்துலதான்."

எனக்குச் சுருக்கென்றிருந்தது. என் பிள்ளையைப் பற்றி வேன் ஓட்டுகிறவர் எனக்குப் பாடம் எடுப்பதா? "சரி, பார்த்துக்கிறேன்" என்று கதவைச் சாத்தினேன்.

வாகை மரத்தடி விளையாட்டுகளில் கயல் முதல் இரண்டு வாரம் சேரவில்லையாம். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள். அவரும் வா என்று கூப்பிடவில்லை. மற்றவர்களோடு நாக்குப் புரளும் வாக்கியம் ஒன்றைச் சொல்லி விளையாடுவார். "கொத்துக் கொத்தாக் கறுத்த திராட்சை, கொத்திக் கொத்திக் கொறிச்ச குருவி." இதை வேகமாக மூன்று தடவை சொல்ல வேண்டும். முதலில் சொல்வது அவர்தான். இரண்டாம் தடவையிலேயே 'கொறிச்ச கொத்துவி' என்றுவிடுவார். நாக்கை நீட்டி, அதை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "மறுபடி" என்பார். அடுத்த தடவை இன்னும் மோசமாக வரும்.

ஒருநாள் ஜன்னலோரத்திலிருந்து கயல் சொன்னாளாம்: "அத்தை, நீங்க வேணும்னே தப்பாச் சொல்றீக."

அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஆமாத்தா. மொதத் தடவ நிஜமாத் தப்புச்சு. ரெண்டாந் தடவ வேணும்னே செஞ்சேன். கண்டுபிடிச்சிட்ட," என்றார்.

அதற்கப்புறம் அவர் பொய்யாகத் தப்புச் செய்வதை நிறுத்திவிட்டார். "பிள்ளைகளுக்கு நடிப்புத் தெரிஞ்சிரும் மதினி. நமக்கு நெசமாவே வராததச் செய்யணும்," என்று என்னிடம் சொன்னார். அவருக்கு நிஜமாகவே வராதது படம் வரைவது. இடது கையால் வரைந்தால் இன்னும் வராது. ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்து, இடது கையால் மாடு வரைந்து, இது என்ன என்று கேட்பார். கட்டில் என்பார்கள். இஸ்திரிப் பெட்டி என்பார்கள். பிறகு எல்லோரும் இடது கையால் வரைய வேண்டும். இடது கையில் யாருக்கும் நன்றாக வராது என்பதால் அங்கே முதல் மாணவி, கடைசி மாணவி என்று யாரும் கிடையாது. கயல் முதன்முதலாகச் சேர்ந்தது அந்த விளையாட்டில்தான். அவள் வரைந்த பூனைக்கு ஐந்து கால் வந்துவிட்டது. ரப்பரைத் தேடினாள். வேனில் ரப்பருக்கு அனுமதியில்லை. பூனையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரித்துவிட்டாளாம். "இது ஓடுனா ஒரு கால் சும்மா வரும்" என்றாளாம். அவள் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

கோட்டை விட்ட கதைக்கு மூன்றே விதிகள். தன் கதையை மட்டும்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் கதையைச் சொல்லக் கூடாது. சொல்கிறவர் சிரிக்கும் முன் யாரும் சிரிக்கக் கூடாது. கடைசியாக எல்லோரும் சேர்ந்து, "அப்புறம் என்ன செஞ்சே?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாவிட்டால் கதை முடியாது. தண்ணீரைக் கொட்டினேன் என்றால் போதாது, துடைத்தேனா என்று சொல்ல வேண்டும். தங்கச்சி பொம்மையை உடைத்தேன் என்றால், தங்கச்சியிடம் என்ன சொன்னாய் என்று கேட்பார். "அவ அழுதாளா? அப்ப இது இங்கன சிரிக்கிற கதை இல்ல. மொதல்ல அவகிட்டப் போய்ப் பேசு." சிரிக்கிற தப்பு, சிரிக்காத தப்பு என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். யாருக்காவது வலித்தால், யாருக்காவது ஆபத்து என்றால், அது சிரிக்காத தப்பு. அதை உடனே பெரியவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

ஒன்றரை மாதத்தில் கயலின் நோட்டில் ஒரு மாற்றம் கண்டேன். மறுபடியும் 'கறடி' என்று எழுதியிருந்தாள். கிழிக்கவில்லை. பக்கத்தில் அந்த 'ற'வுக்கு இரண்டு காது, ஒரு மூக்கு வைத்துக் குண்டுக் கரடியாக்கியிருந்தாள். கீழே சரியாக ஐந்து தடவை 'கரடி' எழுதியிருந்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாவற்றையும் கெடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் என் கணவரிடம் நோட்டைக் காட்டி, "பாருங்களேன், உங்க மகளுக்குக் கரடி குண்டாயிருச்சு!" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கயல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அடுத்த மூன்று நாள் நோட்டையே காட்டவில்லை. துவைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் மறுபடியும் இரண்டு தாள்.

வெட்கத்தை விட்டு வேன் அத்தையிடமே கேட்டேன். அவர் கோபப்பட்டார்.

"அவ கதைய நீங்க ஏன் சொன்னீக? பிள்ளையோட சேந்து சிரிக்கிறது வேற, பிள்ளையப் பாத்து சிரிக்கிறது வேற. அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் உங்க தப்பு ஒண்ணச் சொல்லுங்க."

"என் தப்பா?"

"ஏன், நீங்க தப்பே பண்றதில்லையா? பிள்ளை அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கு. இந்த வீட்டுல தப்புப் பண்ற ஒரே ஆளு தான்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

அன்று ராத்திரி கயலிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் கணவருக்கே தெரியாத ஒரு கதையைச் சொன்னேன். போன வாரம் போனைப் பார்த்துக்கொண்டே பெரியகுளம் பஸ் என்று நினைத்துப் போடி பஸ்ஸில் ஏறிவிட்டேன். டிக்கெட் கேட்ட பிறகும் தெரியவில்லை. கண்டக்டர் முகத்தைப் பார்க்காமலே, "பெரியகுளம் ஒண்ணு" என்றேன். அவர், "ஆத்தா, அதுக்கு இந்தப் பஸ்ஸு ரிவர்ஸ்லதான் போகணும்," என்றார். கோடாங்கிபட்டியில் இறங்கி, எதிர்ப் பக்கம் ஓடினேன். அலுவலகத்தில் பஸ் பிரேக் டவுன் என்று பொய் சொன்னேன்.

கயல் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கிறேனா என்று பார்க்கிறாள் என்பது அப்புறம்தான் விளங்கியது. சிரித்தேன். சிரிக்க ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"அப்புறம் என்ன செஞ்சே? ஆபீஸ்ல நிஜத்தச் சொன்னியா?"

மறுநாள் சொன்னேன். மேலதிகாரி என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, தானும் ஒருமுறை கம்பம் போக வேண்டியவர் தூங்கிப்போய்க் குமுளி வரை போனதாகச் சொன்னார்.

வேன் அத்தையை வெறும் சிரிப்புக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது.

"மதினி, இன்னிக்குப் பள்ளிக்கூடத்துலருந்து வரும்போது பின்கதவு சரியாப் பூட்டல. ஐநூறு அடி தூரம் போனப்புறம்தான் ஆட்டம் தெரிஞ்சுச்சு. நிறுத்திப் பூட்டுனேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா ஆகியிருக்கலாம். நாளைலருந்து ரெண்டு பூட்டு. கிளம்பும் முன்ன கீழ எறங்கி இழுத்துப் பாத்துட்டுத்தான் ஏறுவேன். உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்."

பதின்மூன்று வீட்டுக்கும் இப்படியே நடந்து போய்ச் சொல்லியிருக்கிறார். கதவு ஆடியதை வேறு யாரும் பார்க்கவில்லை, பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அன்றுதான் தன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னார், வாசற்படியில் நின்றபடியே.

சின்னமனூர்ப் பக்கம் அவர்களுக்கு வாழைத்தோட்டம். ஒன்பது வயதில், கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்தச் சொல்லி அவரை உட்கார வைத்திருந்தார்கள். விளையாட்டில் மறந்துபோனார். மோட்டார் காய்ந்து ஓடிக் கருகிவிட்டது. அம்மாதான் மறந்துவிட்டார் என்று நினைத்து அப்பா அவரை அடித்தார். இவர் மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லல மதினி. எங்க வீட்டுல தப்புன்னாலே அடிதான், அதுல பெருசு சிறுசு கிடையாது. மோட்டார் போனதுக்கு நான் வருத்தப்படல. சொல்லாம நின்னேன் பாருங்க, அதுக்குத்தான். எங்கம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணவர் தன் கடைக்குச் சரக்கெடுக்க மதுரை போயிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். ஒன்றரை வயது மகன் ஹாலில் விளையாடிக்கொண்டிருந்தான். கயல் ஓடி வந்தாள்.

"அம்மா, கோட்டை விட்டேன். ஆனா இது சிரிக்கிற தப்பு இல்ல."

சாவிக்கொத்தில் இருந்த குட்டி டார்ச்சைத் திறந்து பார்த்திருக்கிறாள். பட்டன் பேட்டரி உருண்டு ஓடியிருக்கிறது. தம்பி எடுத்து வாயில் போட்டான். விரலை விட்டுப் பார்ப்பதற்குள் வாயில் இல்லை.

என் கை ஓங்கிவிட்டது. அந்தக் கையைப் பார்த்தும் அவள் பின்வாங்கவில்லை. "இப்பத்தான்மா. அந்தப் பாட்டு ஓடிக்கிட்டு இருக்கறப்ப" என்று டிவியைக் காட்டினாள். பாட்டு இன்னும் முடியவில்லை. கையை இறக்கினேன்.

மகன் இரண்டு தடவை இருமினான். எச்சில் வழிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை, சிரிக்கக்கூடச் செய்தான். பக்கத்து வீட்டம்மா, ஒரு வாழைப்பழத்தைக் கொடு, தானாக வெளியே போய்விடும் என்றார்கள். வழக்கமாகக் காட்டும் டாக்டருக்குப் போன் செய்தேன். "எதுவும் குடுக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. எக்ஸ்ரே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. நான் பேசி வைக்கிறேன்," என்றார். இரண்டு தெரு தள்ளி இருந்த வேன் அத்தையைத்தான் அடுத்து அழைத்தேன். பிள்ளைகள் இல்லாத வேன் வாசலில் வந்து நின்றது. ஆஸ்பத்திரி வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

எக்ஸ்ரேயில் உணவுக்குழாயின் மேல்பக்கத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். நாணயமென்றால் ஒற்றை வட்டம்தான் தெரியும், இது பேட்டரிதான் என்றார் டாக்டர். ஈரம் பட்டதும் பேட்டரி சுற்றியிருக்கும் சதையை அரிக்க ஆரம்பித்துவிடும், இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாகிவிடும் என்றார். எப்போது விழுங்கினான் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கயல் சொன்னாள், பாட்டின் பெயரோடு. மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். லேசான புண்தான். சில நாள் வாய்வழியே எதுவும் தராமல் வைத்திருந்து, பிறகு மறுபடி சோதித்துப் பார்த்து அனுப்பினார்கள்.

"எத்தனையோ வீட்டுல சளின்னு நெனச்சு மறுநாள் தூக்கிட்டு வருவாங்க. அதுக்குள்ள ஓட்டையே விழுந்திருக்கும். உடனே சொன்னது யாரு?" என்று டாக்டர் கேட்டார். என் மகளைக் காட்டினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கயல் வேன் அத்தையின் மடியில் சாய்ந்திருந்தாள். "அத்தை, இது என் தப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"ஆமாத்தா. டார்ச்சத் தெறந்தது உன் தப்புதான். எட்டுற எடத்துல வச்சது உங்கம்மா தப்பு. ஓடி வந்து சொன்னது மட்டும் முழுக்க முழுக்க நீதான்."

கயல் அப்போதுதான் அழுதாள். அழுது முடிக்கும் வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் புகார் வந்தது. வேனில் வரும் இரண்டாம் வகுப்புப் பெண்ணின் அப்பா, தேனியில் டியூஷன் சென்டர் நடத்துகிறவர், கணக்கில் பத்துக்கு ஆறு வாங்கி வந்த மகளைக் கேட்டிருக்கிறார். அவள், "கழிக்கிறப்ப ரெண்டு எடத்துல கடன் வாங்க மறந்து கோட்டை விட்டேன்பா" என்று சிரித்திருக்கிறாள். எங்கே கற்றாய் என்று கேட்டால், வேனில் என்றாளாம். பள்ளித் தாளாளரின் அறையில் பெற்றோர்களைக் கூட்டினார்கள். வேன் அத்தையையும் வரச் சொன்னார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்புப் பண்ணா வலிக்கணும்," என்றார் டியூஷன்காரர். "வலிச்சாத்தான் அடுத்த தடவ பண்ண மாட்டாக."

"வலிச்சா அடுத்த தடவ மறைப்பாக சார்," என்றார் வேன் அத்தை. "உங்க மக எங்க தப்புச்சுன்னு சொல்லுச்சுல்ல? கடன் வாங்குற எடத்துலன்னு சரியாச் சொல்லுச்சு. அழுதுக்கிட்டு நின்னிருந்தா சொல்லியிருக்குமா?"

"வண்டி ஓட்டுறதுதான் உங்க வேல. அதையும் நீங்க ஒழுங்காப் பண்ணல. கதவப் பூட்டாம ஓட்டுன ஆளுதான? நீங்களே வீடு வீடா வந்து ஒத்துக்கிட்டீக."

வேன் அத்தை தலை குனியவில்லை.

"ஆமா சார், ஓட்டுனேன். நான் சொன்னதாலதான உங்களுக்குத் தெரியும்? சொல்லாத டிரைவர் வேணும்னா ஊர்ல நெறைய பேர் இருக்காக."

தட்டச்சு செய்த ஒரு தாளைத் தாளாளர் நீட்டினார். வேனில் கதை, விளையாட்டு, வேடிக்கை எதுவும் நடத்த மாட்டேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்றார். வேன் அத்தை இரண்டு முறை நிதானமாகப் படித்தார். பேனாவை மூடி, தாளின் மேல் வைத்துத் திருப்பித் தள்ளினார்.

"வண்டி ஓடுறப்ப நான் பேசுனதே கிடையாது. நின்ன வண்டியில பிள்ளைக சிரிக்கிறதுக்கு நான் எதுக்கு மன்னிப்பு எழுதிக் குடுக்கணும்? முடியாது."

கூட்டங்களில் நான் பேசுகிறவள் அல்ல. அன்று எழுந்தேன். பதினோரு கசங்கிய தாள்களைப் பற்றியும், நான் விட்ட பெருமூச்சைப் பற்றியும் சொன்னேன். எட்டும் இடத்தில் டார்ச்சை வைத்த என் தப்பையும், என் மகன் உயிரோடு இருப்பதையும் சொன்னேன். ஒன்றிரண்டு இடத்தில் வார்த்தை குழறியது. நிறுத்திவிட்டுத் திரும்பச் சொன்னேன். "என் பிள்ளை இவக வேன்லதான் வரும். நீங்க வேற வேன் வச்சாலும் இதுலதான் வரும்," என்று முடித்தேன்.

ஐந்து வீட்டார் பிள்ளைகளை நிறுத்தினார்கள். எட்டுப் பிள்ளைகள் மிஞ்சினார்கள். வேன் பள்ளியுடையது இல்லை, அவருடையது. அதனால் அவரை யாரும் நிறுத்த முடியவில்லை.

மறுநாள் காலை கயலை ஏற்றிவிட வந்தபோது, நான் பஸ் ஸ்டாண்டு வரை முன்சீட்டில் வருகிறேன் என்றேன். ஏறச் சொன்னார். நான்காவது தெருவில் திரும்பி, டியூஷன்காரர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். அந்த வீட்டுப் பிள்ளை இனி வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹாரனை இரண்டு முறை அடித்தார். கதவு திறக்கவில்லை. வாட்சைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் நின்றார். மாடி ஜன்னலில் திரைச்சீலை கொஞ்சம் விலகி, மறுபடி மூடிக்கொண்டது.

"அவருதான் நிறுத்திட்டாரே, எதுக்கு?" என்றேன்.

வண்டி நின்றிருந்ததால் பதில் சொன்னார்.

"அவரு நிறுத்துனாரு. பிள்ளை நிறுத்தல. இங்கன அதுக்கு ஒரு சீட்டு கெடக்குன்னு அதுக்குத் தெரியணும்ல?"

நிறுத்திய ஐந்தில் இரண்டு பிள்ளைகள் தை மாதம் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் கடைசி வரை வரவில்லை. இரண்டு வருடம் கழித்து வேன் அத்தை தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சின்னமனூருக்கே போய்விட்டார். கயல் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கூட்டம் நடந்த அந்த வருடம் முழுக்க, பள்ளி இருந்த ஒவ்வொரு நாளும், டியூஷன்காரர் வீட்டு வாசலில் வேன் நின்றது. இரண்டு ஹாரன், ஒரு நிமிடம். அப்புறம் கியரைப் போட்டு, வாயை மூடிக்கொண்டு ஓட்டுவார்.